கூகுள்ல ஒண்ணும் வரலன்னா போட்டோ ஒரிஜினலா?

"தங்கச்சிக்கு மேட்ரிமோனி சைட்ல ஒரு வரன் வந்திருக்குண்ணே, மாப்புள கனடாவுல இருக்கதா சொல்றாங்க. நாலு போட்டோ வாட்ஸப்ல அனுப்புனாரு. கூகுள்ல போட்டுத் தேடுனேன், ஒண்ணுமே வரல. அப்போ போட்டோ ஒரிஜினல்னு எடுத்துக்கலாமா? மூஞ்சி ரொம்ப க்ளீனா வேற இருக்கு, ஏஐ போட்டோவோன்னு ஒரு சந்தேகம். எப்படிப் பாக்குறது?"

எடுத்துக்க முடியாது தம்பி. கூகுள்ல வரலன்னா கூகுளுக்குத் தெரியலன்னு மட்டுந்தான் அர்த்தம். லாக் பண்ணி வச்சிருக்க பேஸ்புக் அக்கவுண்ட்ல இருக்க படம், யாரோ ஒருத்தரு வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்ட படம், இன்னொரு மேட்ரிமோனி சைட்டுக்கு உள்ள லாகின் பண்ணா மட்டும் தெரியுற படம், இதெல்லாம் எந்த தேடல்லயும் வராது, ஆனா திருடுறவன் கைக்கு வரும்.

நான் ஹட்டன் பக்கம் ஸ்டூடியோ வச்சி இருபது வருசத்துக்கு மேல ஆச்சி, கல்யாணத்துக்குப் பேசுற போட்டோ எடுக்குறது, டச்சிங் பண்றது, பிரேம் போடுறது எல்லாம் நம்ம வேல. இப்ப கொஞ்ச வருசமா சனங்க போன எடுத்துக்கிட்டு வந்து "அண்ணே இந்த போட்டோ உண்மையான்னு பாத்து சொல்லுங்க"ன்னு கேக்குறாங்க, அப்படி பாத்து பாத்து படிச்சதத்தான் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. எல்லாரும் "போட்டோ ஒரிஜினலா"ன்னு கேக்குறாங்க, அங்கயே தப்பிடுது. திருடுன போட்டோங்கறது ஒரிஜினல் போட்டோதான். உண்மையான ஒரு மனுசன உண்மையான கேமராவுல எடுத்தது, அதுல விரல எண்ணு, காத பாரு, கண்ணுக்குள்ள தெரியுற வெளிச்சத்த பாரு, எல்லாமே சரியாத்தான் இருக்கும். ஏஐயா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு "இல்ல, உண்மையான போட்டோதான்"னு நிம்மதியானவங்க பல பேரு மாட்டிக்கிட்டது இங்கதான். நீ பாக்க வேண்டியது, இந்த போட்டோவுல இருக்க ஆளும் ஒன்கிட்ட பேசுற ஆளும் ஒண்ணுதானாங்கறது.

அந்த "ரொம்ப க்ளீன்" விசயத்த முன்னாலயே சொல்லிடுறேன், ஏன்னா இதுல நம்ம பக்கத்து புள்ளைங்க அநியாயமா அடிபடுறாங்க. மலையகத்துல கல்யாணத்துக்குன்னு ஸ்டூடியோவுல எடுக்குற போட்டோவ டச்சிங் பண்ணாம யாரும் குடுக்குறதில்ல. பருவ அழிப்போம், தோல மெழுகு மாதிரி ஆக்குவோம், நெறத்த ஒரு ஸ்டெப் ஏத்துவோம், பின்னால சீல வெட்டிட்டு கிரகரி வாவியோ ஏதாவது பூந்தோட்டமோ வைப்போம். கோட் இல்லாத பையனுக்கு ரெடிமேட் கோட் சூட் படத்துல தலைய மட்டும் வெட்டி ஒட்டுறது எல்லா ஸ்டூடியோவுலயும் இருக்கு. அது பத்தாதுன்னு இப்ப போன் கேமராவே நாம கேக்காம மூஞ்சிய வழவழப்பாக்குது. வெலிமடைப் பக்கத்து பையன் ஒருத்தன், கொழும்புல ஹோட்டல்ல நல்ல வேல, பொண்ணு வீட்டுல "கழுத்துக்கும் கோட்டுக்கும் ஒட்டல, ஏஐ போட்டோ"ன்னு சொல்லி பேச்ச நிறுத்திட்டாங்க. அது ஒட்டுன கோட்தான், ஆனா பையன் உண்மையான பையன். அந்த ஒட்டு வேல செஞ்சது நாந்தான், அதனால எனக்கு இது மனசுல கெடக்கு. அதுக்கப்புறம் வரவங்ககிட்ட டச்சிங் இல்லாத ஒரு காப்பியும் சேத்து குடுத்து விடுறேன். அதனால க்ளீனா இருக்குங்கறத ஒரு பக்கமும் கணக்குல எடுக்காத. "டச்சிங் பண்ணாத சாதா போட்டோ ஒண்ணு அனுப்புங்க"ன்னு கேளு, உண்மையான ஆளுகிட்ட அப்படி பத்து போட்டோ போன்லயே கெடக்கும்.

இப்ப தேடுறதுக்கு வருவோம். நீ முழு படத்த ஒரே தடவ கூகுள்ல போட்டு விட்டுட்ட. அது பத்தாது, ஏன்னா ஒவ்வொரு தேடலும் வேற வேற மாதிரி வேல செய்யுது. கூகுள் லென்ஸ் படத்துல என்ன பொருள் இருக்குன்னு பாத்து அதே மாதிரி படங்கள கொண்டு வரும், நீல கோட் போட்டவன் படத்த குடுத்தா கோட் விக்கிற கடை எல்லாம் வரும், ஆனா மூஞ்சிய வச்சி ஆள தேடிக் குடுக்குறத பெரும்பாலும் தவிர்க்கும். டின்ஐ, அதாவது tineye.com, மூஞ்சிய பாக்காது, அதே படத்தோட வெட்டுன காப்பி, சின்னதாக்குன காப்பி, கலர் மாத்துன காப்பி இருந்தா கண்டுபிடிக்கும், அதோட எந்த காப்பிய அது மொதல்ல பாத்துச்சின்னு தேதியும் காட்டும். யாண்டெக்ஸ், yandex.com/images, மூஞ்சி ஒத்துப்போற படங்கள கொண்டு வர்றதுல மத்ததவிட கெட்டி. மூணுலயும் போடணும், அதுலயும் ஒவ்வொரு போட்டோவயும் மூணு விதமா போடணும்: முழுசா ஒருக்கா, மூஞ்சிய மட்டும் வெட்டி ஒருக்கா, எடம் வலம் திருப்பி ஒருக்கா. திருப்புறதுங்கறது போன் கேலரியில எடிட் போயி ப்ளிப் அமுக்குறது, பத்து செகண்ட் வேல. திருடுறவன் மொதல்ல பண்றது இதத்தான், ஏன்னா திருப்பிட்டா பல தேடல் ஏமாந்துடும்.

அதே படம் மேட்ரிமோனி சைட்டுலயும் இருந்தா அங்க இருந்தே எடுத்து தேடு, வாட்ஸப்ல வந்தது ஏற்கனவே சின்னதாகி நசுங்கி வந்திருக்கும். சில பேரு போட்டோவுக்குள்ள இருக்க தேதி, எடம், கேமரா விவரத்த பாருன்னு சொல்வாங்க. வாட்ஸப்பும் பேஸ்புக்கும் அத அழிச்சிட்டுத்தான் குடுக்குது, அதனால விவரம் இல்லங்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

ஒரு கேச முழுசா சொல்றேன், நீ செய்ய வேண்டியது வெளங்கிடும். போன வருசம் மஸ்கெலியா பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, மகளுக்கு கனடா மாப்புள, டொரொண்டோவுல வேலன்னு சொல்லியிருக்கான். நாலு போட்டோ. ஒண்ணு ஸ்டூடியோ மாதிரி மூஞ்சி மட்டும், ரெண்டாவது ஒரு கார் கதவ தொறந்து வச்சி அதுல சாஞ்சிக்கிட்டு கைய கட்டிக்கிட்டு நிக்கிறான், மூணாவது ஒரு சின்ன புள்ளையோட பொறந்தநாள் கேக்குக்கு முன்னால. நாலாவது தான் முக்கியம், பொண்ணு வீட்டுல சந்தேகப்பட்டு "எங்க மக பேர ஒரு பேப்பர்ல எழுதி, இன்னைக்கி தேதி போட்டு, கையில புடிச்சி போட்டோ அனுப்புங்க"ன்னு கேட்டிருக்காங்க, அரை மணி நேரத்துல அனுப்பிட்டான். அதோட அவுங்களுக்கு சந்தேகம் போயிடுச்சி. என்கிட்ட வந்ததே அந்த போட்டோவ பெருசாக்கி பிரேம் போடத்தான்.

நான் ரெண்டாவது போட்டோவ பெருசாக்கி பாத்தேன். தொறந்த கதவு வழியா ஸ்டேரிங் தெரியுது, வலது பக்கம் இருக்கு. நம்ம நாட்டுல சரி, லண்டன்லயும் சரி, கனடாவுல ஸ்டேரிங் இடது பக்கம். இது மட்டும் போதாது, லீவுக்கு ஊருக்கு வந்தப்ப எடுத்ததுன்னு சொல்லிடலாம். அடுத்து சட்டைய பாத்தேன். ஆம்பள சட்டைக்கு பாக்கெட் போட்டிருக்கவரோட இடது நெஞ்சுல இருக்கும், அதாவது எதுக்க நின்னு பாக்குற நமக்கு வலது கைப்பக்கம் தெரியணும், பட்டனும் போட்டிருக்கவரோட வலது பக்கத்துலதான் தைப்பாங்க. இதுல ரெண்டுமே மாறி இருக்கு. அப்போ படத்த திருப்பியிருக்காங்க.

இதுல ஒரு கவனம் வேணும். செல்ஃபி எடுத்தா பல போன் கண்ணாடி மாதிரி திருப்பித்தான் சேவ் பண்ணும், அதனால செல்ஃபி திரும்பி இருந்தா அது குத்தம் இல்ல. ஆனா இவன் ரெண்டு கையயும் கட்டிக்கிட்டு நிக்கிறான், பத்தடி தள்ளி நின்னு வேற யாரோ எடுத்த படம். பின் கேமராவுல எடுத்த படம் தானா திரும்பாது, ஒருத்தன் ஒக்காந்து திருப்பினாத்தான் திரும்பும். எதுக்கு திருப்பணும்?

நான் அத மறுபடி நேரா திருப்பி யாண்டெக்ஸ்ல போட்டேன். வந்துடுச்சி. வளைகுடா நாட்டுல வேல செய்யுற ஒருத்தரு, மலையாளத்துல எழுதி, எல்லாருக்கும் தெரியுற மாதிரி வச்சிருந்த பக்கம், 2019ல போட்ட படம். அந்த படத்துல காரு முழுசா இருக்கு, பின்னால கடை வரிசை இருக்கு, கால் ஷூ வரைக்கும் தெரியுது. நம்மகிட்ட வந்ததுல முழங்காலுக்கு மேலதான். ரெண்டு காப்பி கெடச்சா எது மொதல், எது திருட்டுன்னு இப்படித்தான் பாக்கணும்: அகலமா இருக்கதுல இருந்து குறுகலா வெட்டலாம், குறுகலா இருக்கதுல இருந்து இல்லாத ஷூவ கொண்டு வர முடியாது. தேதியும் பழசு, சைசும் பெருசுன்னா சந்தேகமே வேணாம். பொறந்தநாள் போட்டோவும் அதே பக்கத்துல இருந்துச்சி, அது அவரோட சொந்த மக.

அந்த அக்கா நம்பல. "அப்போ பேப்பர் புடிச்ச போட்டோ?"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான், ஏன்னா அது அந்த பக்கத்துல இல்ல, மகளோட பேரு இங்லீஷ்ல தெளிவா இருக்கு, தேதி இருக்கு, விரல் அஞ்சும் சரியா இருக்கு, பின்னால சோபா, சன்னல், நிழல் எல்லாமே ஒழுங்கு. கண்ணால பாத்து நானும் குத்தம் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ஒரு மச்சம் இருந்துச்சி. அந்த வளைகுடாக்காரருக்கு இடது கன்னத்துல மச்சம். திருப்புன கார் படத்துல அது வலது கன்னத்துல தெரியுது, அது சரி. இந்த பேப்பர் படத்துலயும் மச்சம் வலது கன்னத்துலதான் இருக்கு, ஆனா எழுத்து நேரா படிக்க முடியுது! எழுத்து நேரா இருந்தா படம் திரும்பல, படம் திரும்பலன்னா மச்சம் இடது பக்கம் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்காது. அதாவது திருப்புன படத்த ஏஐ மெசின்கிட்ட மாதிரியா குடுத்து, "இந்த ஆளு பேப்பர் புடிச்சிருக்க மாதிரி" செஞ்சி வாங்கியிருக்கான், மெசினுக்கு தான் பாத்த மூஞ்சி திரும்புன மூஞ்சின்னு தெரியாது. இல்லாட்டி திருப்புன படத்துல எழுத்த ஒட்டியிருக்கான், எதுவா இருந்தாலும் கேமராவுக்கு முன்னால அப்படி ஒருத்தன் நின்னது கெடையாது.

இத நல்லா கவனிச்சிக்க தம்பி, அந்த மூல பக்கம் கெடைக்காம போயிருந்தாலும் இத கண்டுபிடிச்சிருக்கலாம். சட்டை பாக்கெட்ட வச்சி கார் படம் திரும்புனதுன்னு தெரிஞ்சிடுச்சி, அப்போ அவன் அனுப்புன படங்களே ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது. ஒரு படத்த தனியா வச்சி உத்துப் பாக்குறதவிட நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சி மச்சம், தழும்பு, தல வகிடு, காது மடல் ஒட்டியிருக்கா தொங்குதா, முன் பல்லு வரிச, இதெல்லாம் எல்லா படத்துலயும் அதே பக்கத்துல அதே மாதிரி இருக்கான்னு பாக்குறதுதான் பலன் தரும். காதுங்கறது டச்சிங் பண்றவங்க யாரும் தொடாத எடம், நானே தொட மாட்டேன்.

ஒரு திருட்டும் இல்லாம முழுசா மெசின் செஞ்ச மூஞ்சியா இருந்தா? பழைய மாதிரி ஒண்ணு இருக்கு. என்விடியா கம்பெனிக்காரங்க 2018 கடைசியில அறிவிச்ச ஸ்டைல்கேன்ங்கற ஏஐ மெசின்ல செய்யுற மூஞ்சிங்க, 2019ல thispersondoesnotexist.com வந்தப்ப எல்லாரும் பாத்தது. அதுல கண்ணு ரெண்டும் எப்பவும் படத்துல அதே எடத்துல வந்து நிக்கும், தோடு ஒரு காதுல ஒண்ணும் மத்த காதுல வேறயும் இருக்கும், பக்கத்துல நிக்கிற ஆளு உருகுன மெழுகு மாதிரி இருப்பாரு. இப்பவும் போலி ப்ரொபைல்ல அது வருது, ஆனா ஒரே ஒரு க்ளோஸப் போட்டோதான் இருக்கும், வேற இல்லம்பாங்க. புது மெசின்ல செய்யுறதுக்கு இந்த அடையாளம் எதுவும் பொருந்தாது, அதே மூஞ்சிய கடற்கரையில, ஆபிஸ்ல, கோயில்லன்னு எத்தன வேணும்னாலும் செஞ்சி குடுக்குது. பின்னால போர்டு இருந்தா பெருசாக்கி தமிழ், சிங்கள எழுத்த பாரு, தூரத்து எழுத்துல இன்னும் கோளாறு வருது. எழுத்து சரியா இருந்தா நம்பிடாத, கோளாறா இருந்தா சந்தேகப்படு.

"பாத்தாலே எனக்குத் தெரியும்"ங்கறவங்கள நம்பாத. 2022ல அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் இருக்க ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க மெசின் மூஞ்சியயும் உண்மையான மூஞ்சியயும் கலந்து சனங்ககிட்ட காட்டுனாங்க, சரியா சொன்னது 48 சதவீதம்தான், காச சுண்டி விட்டாலே அதவிட சரியா வந்திருக்கும். அதோட மெசின் மூஞ்சியத்தான் கொஞ்சம் அதிகமா நம்பிக்கையான மூஞ்சின்னும் சொல்லியிருக்காங்க. படத்த போட்டா "இத்தன சதவீதம் ஏஐ"ன்னு சொல்ற வெப்சைட்டும் அப்படித்தான், வாட்ஸப்ல நசுங்குன படத்துலயும் நாங்க டச்சிங் பண்ண படத்துலயும் அது ரொம்ப தடுமாறும். என்னோட ஸ்டூடியோ படத்தயே ஏஐன்னு சொல்லியிருக்கு.

அதனால படத்த பாத்து முடிச்சதும் ஆள பாக்கணும், வீடியோ கோல்ல. வெறுமன ஹலோ சொல்லி வைக்கிற கோல் இல்ல, அதுக்கு மூஞ்சி மாத்துற சாப்ட்வேர் வந்தாச்சி. பேசிக்கிட்டு இருக்கும்போதே தலைய முழுசா பக்கவாட்டுல திருப்பி காது நேரா தெரியுற மாதிரி காட்டச் சொல்லு, கைய மூஞ்சிக்கு முன்னால மெதுவா கொண்டு போகச் சொல்லு, எந்திரிச்சி சன்னல் பக்கம் போயி பின் கேமராவுக்கு மாத்தி வெளிய ரோட்ட காட்டி மறுபடி மூஞ்சிக்கு வரச் சொல்லு. மாத்துன மூஞ்சி பக்கவாட்டுல திரும்புறப்பவும் கை குறுக்க போறப்பவும்தான் ஓரத்துல ஆடும், விரல் மேல மூஞ்சி படிஞ்சி வரும். நல்ல மெசின் வச்சிருக்கவன் இதயும் தாண்டலாம், அதனால இது பாஸானா எல்லாம் முடிஞ்சதுன்னு வச்சிக்காத. இன்னொண்ணு, தோட்டத்துல சிக்னல் இல்லாம படம் கட்டம் கட்டமா வந்தா அந்த ஆட்டம் எதுவும் நமக்குத் தெரியாது, ஒரு நாளைக்கி தங்கச்சிய கூட்டிக்கிட்டு டவுனுக்கு வந்து நல்ல வைபைல எடுங்க. கனடான்னா நேரத்தயும் பாரு, நமக்கு ராத்திரி எட்டு மணின்னா டொரொண்டோவுல அதே நாள் காலையில ஒம்பதர இல்ல பத்தர, சன்னல் வெளிய பகலா இருக்கணும். மஸ்கெலியா கேஸ்ல அவன் மூணு வாரம் கேமரா ஒடஞ்சிடுச்சின்னு சொன்னான், அதுக்கப்புறம் பார்சல் அனுப்பியிருக்கேன், கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சி, காசு கட்டணும்னு ஆரம்பிச்சான்.

மத்தது நம்ம வழக்கமான வழி. பூர்வீகம் எந்த தோட்டம், எந்த டிவிசன், எந்த ஸ்கூல், ஓஎல் எந்த வருசம்னு கேட்டு, அந்த தோட்டத்துல உள்ள யாராவது ஒருத்தருக்கு படத்த காட்டு. அவர் குடுக்குற நம்பருக்கு பேசாத, நீயா தேடிப் புடிச்ச ஆளுகிட்ட பேசு. அவர் போட்ட படத்தவிட அடுத்தவங்க போட்ட படத்துக்கு மதிப்பு அதிகம், கூட்டாளி கல்யாணத்துல நிக்கிறது, ஸ்கூல் க்ரூப் போட்டோ, பத்து வருசத்துக்கு முன்னால மெலிஞ்சி மீச இல்லாம இருந்தது, இதெல்லாம் ஒருத்தன் ஒக்காந்து செஞ்சி வைக்கிறது ரொம்ப கஷ்டம்.

போலின்னு தெரிஞ்சா ஒடனே அவன்கிட்ட சண்டைக்குப் போகாத, ப்ரொபைல் அடுத்த நிமிசம் காணாம போயிடும். மொதல்ல ப்ரொபைல் லிங்க், போன் நம்பர், படம், பேசுன மெசேஜ் எல்லாத்தயும் தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்க, அப்புறம் சைட்டுக்கு ரிப்போர்ட் பண்ணு, காசு போயிருந்தா பொலிஸ்ல என்ட்ரி போடு. அந்த படத்துல இருக்க மனுசன "திருடன்"னு பேஸ்புக்ல போட்டு ஷேர் பண்ணிடாதீங்க, அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நான் அந்த வளைகுடாக்காரருக்கு மெசேஜ் போட்டு சொன்னேன், அவரு மக படத்த எல்லாம் அன்னைக்கே மறச்சிட்டாரு.

ஒன்கிட்ட இருக்க நாலு போட்டோவுல சைட்டுலயும் இருக்கத அங்க இருந்தே எடுத்து, பாக்கெட்டயும் மச்சத்தயும் மொதல்ல பாரு, அப்புறம் திருப்பிப் போட்டு தேடு. தங்கச்சி புதுசா போட்டோ எதுவும் அதுவரைக்கும் அந்த நம்பருக்கு அனுப்ப வேணாம்.